ரூபாய் சரிந்தால் ஏற்றுமதியாளருக்கு யோகமா?

ரூபாய் மதிப்பு சரியும்போதெல்லாம் ஏற்றுமதியாளருக்கு யோகம் என்கிறார்கள். பெரியமேட்டில் தோல் வணிகம் செய்யும் நண்பர் அதைக் கேட்டுச் சிரிக்கிறார். நூறு டாலருக்கு ஒரு காலணித் தொகுப்பை விற்பவர், இறக்குமதி செய்யும் ரசாயனம், அடிப்பாகம் ஆகியவற்றுக்கு நாற்பது டாலரும், உள்ளூர்க் கூலிக்கும் பிற செலவுக்கும் 4,000 ரூபாயும் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். டாலர் 80 ரூபாயாக இருக்கையில் வரவு 8,000, செலவு 7,200, இலாபம் 800. டாலர் 88 ஆனதும் வரவு 8,800 ஆகிறது. ஆனால் இறக்குமதிச் செலவும் 3,520 ஆகிவிடுவதால் இலாபம் 1,280. அப்போதுதான் வெளிநாட்டுக் கொள்முதலாளர், அவருக்கும் செய்தித்தாள் வரும் அல்லவா, ஐந்து டாலர் குறைக்கச் சொல்கிறார். மிஞ்சுவது 840.

விலை குறைந்ததால் ஆர்டர் பெருகினால்தான் ஆதாயம். அதற்குப் பல மாதங்கள் ஆகும். நாடு இறக்குமதி செய்யும் கச்சா எண்ணெய்க்கோ அன்றே கூடுதல் ரூபாய் தர வேண்டும், தேவையும் உடனே குறைவதில்லை. ஆகவே நாணயம் சரிந்ததும் வர்த்தகப் பற்றாக்குறை முதலில் பெருகி, பிறகே சுருங்கத் தொடங்கும். ஏற்றுமதியிலிருந்து இறக்குமதியைக் கழித்த தொகையை வரைபடமாக்கினால், முதலில் இறங்கிப் பிறகு ஏறி ஆங்கில ‘ஜே’ எழுத்தைப் போலத் தெரிவதால் இதைப் பொருளியலாளர் ‘ஜே வளைவு’ என்கின்றனர்.