சோடாப் போத்தலில் ஒரு கோடு

கார்த்திகை 27
மழை விடவில்லை. அம்மாவின் இரத்தப் பரிசோதனை முடிவும் வரவில்லை.

கார்த்திகை 28
வெள்ளம் வடிந்த கையோடு வயிற்றோட்டம் வரும். அதனால் தருமபுரத்தில் மாதர் சங்கத்துக்கு ஜீவனி உப்புக்கரைசல் வகுப்பு, 40 நிமிடம். போன வருடக் கொப்பியில் "ஜீவனி பற்றித் தெளிவு பெறுவர்" என்று நோக்கம் எழுதி வைத்திருக்கிறேன். தெளிவை நான் எங்கே போய்ப் பார்க்கிறது? வெட்டிவிட்டு, "வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பாத்திரத்தில் ஒரு லீற்றர் தண்ணீரை அளந்து, ஒரு பைக்கற் முழுவதையும் அதில் கரைத்துக் காட்டுவார்" என்று எழுதினேன். இது கண்ணுக்குத் தெரியும்.

கார்த்திகை 29
நித்திரை வரவில்லை. போன வருடம் "விளங்கினதா?" என்று கேட்டேன், எல்லோரும் "ஓம் மிஸ்" என்றார்கள், நானும் சந்தோஷமாக வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு வீட்டுக்குப் போனால், முன்வரிசையில் இருந்த அதே பிள்ளை ஒரு தம்ளர் தண்ணீருக்குள் முழுப் பைக்கற்றையும் கொட்டிக் குழந்தைக்குப் பருக்கிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவு உப்பு உள்ளே போனால் குழந்தைக்கு ஆபத்து, வயிற்றோட்டமும் கூடும். அவள்மேல் பிழையே இல்லை, ஒரு லீற்றர் என்று நான் வாயால்தான் சொன்னேன், அவளைக்கொண்டு ஒருநாளும் அளப்பிக்கவில்லை.

பிழை வருவது பைக்கற்றில் இல்லை, தண்ணீரில். ஆகவே கிருமி, நோய் என்ற பேச்சு 5 நிமிடத்தோடு சரி. 25 நிமிடம் தண்ணீர் அளப்பதற்கு. மிச்சம் சோதித்துப் பார்க்க. 12 பேர்; அளந்து பழகப் பைக்கற்றே தேவையில்லை, வெறும் தண்ணீர் போதும், கடைசியில் கரைத்துக் காட்ட மட்டும் ஆளுக்கு ஒன்று.

கார்த்திகை 30
அண்ணாவுக்கு மூன்று தரம் போன் எடுத்தேன். அம்மாவின் முடிவு இல்லை.

மார்கழி 2
வகுப்பு முடிந்தது. வீட்டில் இருக்கிற பாத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னது நல்லதாகப் போயிற்று. பாதிப்பேர் ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல், அதைக் கழுத்துமட்டும் நிரப்பினால் கரைசல் ஐதாகிவிடும். அரை லீற்றர் போத்தலால் இரண்டு தரம் ஊற்றி, தண்ணீர் நின்ற இடத்தில் நகப்பூச்சால் கோடு போட்டோம். எழுத வாசிக்கத் தெரியாத ஒரு அம்மா கோடு அழிந்துபோகும் என்று சொல்லி, தன் தலைமுடி கட்டியிருந்த கறுப்பு நூலை அவிழ்த்துப் போத்தலைச் சுற்றி இறுக்கினார். நான் யோசித்திருக்கவே மாட்டேன்.

அப்புறம் சோதனை. பாத்திரங்களை மாற்றிக் கொடுத்தேன், பழகியதையே திரும்பச் செய்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. "பிள்ளைக்கு வயிற்றோட்டம், நான் பக்கத்து வீட்டுக்காரி, எனக்குச் செய்து காட்டுங்கோ" என்றேன். 10 பேர் சரியாகச் செய்தார்கள். இரண்டு பேர் சருவத்தில் கண்மட்டத்துக்கு ஊற்றினார்கள்; அரை லீற்றர் போத்தலைக் கையில் கொடுத்துத் திரும்பச் செய்யவைத்தேன், சரிவந்தது. 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அதை நான் ஓட்டமாகச் சொன்னேன், செய்விக்கவில்லை. அடுத்த முறை கரைத்த நேரத்தைப் போத்தலில் எழுதவோ, ஆருக்காவது சொல்லிவைக்கவோ பழக்க வேண்டும்.

மார்கழி 4
அந்த இரண்டு வீட்டுக்கும் வருகிற கிழமை சொல்லாமல் போய், போத்தலில் கோடு இருக்கிறதா என்று

அண்ணா எடுக்கிறார்.