ஒன்றரை நொடி மௌனம்

படத்தொகுப்பு முழுதாக முடிந்த 14 நிமிடக் குறும்படம் ஒன்றுக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் சப்டைட்டில் செய்தேன். முதலில் தமிழ். அப்புறம் அதே நேரக் குறிகளை வைத்துக்கொண்டு வசனத்தை மட்டும் ஆங்கிலமாக மாற்றிவிட்டேன். பாதி வேலை மிச்சம் என்று நினைப்பு.

தமிழ் தெரியாத நண்பர் ஒருவரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அம்மா மகனிடம் "அந்த வீட்டை உங்க அப்பா" என்று சொல்லி நிறுத்துவார். ஒன்றரை நொடிக்குமேல் மௌனம். பிறகுதான் "வித்துட்டார்." படத்தின் உயிரே அந்த மௌனம்தான். ஆனால் திரையில் Your father sold that house என்று முழு வாக்கியமும் முதலிலேயே வந்துவிட்டது. நடிகை வாயை மூடுவதற்குள் நண்பர் "அடடா" என்றார்.

தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டியே வந்துவிடும். அதனால் ஆங்கில வசனத்தை உடைத்து, மௌனத்தைக் காலியாக விட்டேன்:

```
41
00:06:12,400 --> 00:06:14,300
That house... your father...

42
00:06:15,900 --> 00:06:17,100
He sold it.
```

இலக்கணம் கொஞ்சம் தள்ளாடுகிறது. பரவாயில்லை, அம்மாவின் பேச்சும் அங்கே தள்ளாடத்தான் செய்கிறது.

தமிழில் வேறு தலைவலி. வினாடிக்கு 17 எழுத்து, வரிக்கு 42 எழுத்து என்பது ஆங்கிலத்துக்குப் பலரும் வைத்துக்கொள்ளும் அளவு. மென்பொருளில் அதையே தமிழுக்கும் விட்டிருந்தேன். பாதி வரிகள் சிவப்பாகின. "வித்துட்டார்" நம் கண்ணுக்கு ஆறெழுத்து. மென்பொருளோ கொக்கி, புள்ளி, கால் எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணிப் பன்னிரண்டு என்கிறது. அந்தச் சிவப்பை நம்பி முதல் நாள் நல்ல வசனங்களையெல்லாம் வெட்டிக்கொண்டிருந்தேன். பிறகு எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒலியை அணைத்து, ஒவ்வொரு வரியையும் அது மறைவதற்குள் நிதானமாக ஒருமுறை படித்து முடிக்க முடிகிறதா என்று பார்த்தேன். ஆனால் இதிலும் ஏமாறலாம். வசனம் நமக்கு மனப்பாடமாகிவிட்டால் எல்லாமே வேகமாகப் படிக்கத்தான் வரும். முதல்முறை பார்ப்பவர் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

வரியை எங்கே மடிப்பது என்பதையும் மென்பொருளிடம் விட முடியாது. அது அகலத்தை மட்டும் பார்த்து இப்படி மடித்திருந்தது:

நேத்து ராத்திரி வந்த
பையன் யாருன்னு தெரியல

பார்வைக்குச் சமமாக இருக்கிறது. ஆனால் "வந்த" என்பதில் கண் தொங்கிக்கொண்டு நிற்கிறது. "பையன்" என்ற சொல்லை மேலே ஏற்றினேன். மேல்வரி நீண்டு கீழ்வரி குட்டையானது, படிக்கும்போது தடுக்கவில்லை.

திருத்தியதை அதே நண்பருக்கு மறுபடி போடுவதில் பயனில்லை, அவருக்குத்தான் வீடு போனது தெரியுமே. வேறொருவரைப் பிடித்தேன். 41 மறைந்து திரை வெறுமையானதும் அவர் கண் எழுத்திலிருந்து மேலேறி, அம்மாவின் முகத்துக்குப் போனது.