ஊசி குத்தியது சனிக்கிழமை, சீட்டில் திங்கட்கிழமை

சனிக்கிழமை விடியற்காலை 3.10. நோயாளிக்கு ரத்தம் எடுத்த ஊசியைப் பெட்டியில் போடப் போனேன். பெட்டி ஏற்கெனவே நிரம்பி வழிந்தது, உள்ளே போகாமல் திரும்பி என் விரலில் ஏறிவிட்டது. அந்த நோயாளிக்கு ஹெச்ஐவி இருப்பது கேஸ் ஷீட்டிலேயே இருந்தது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினேன். பிதுக்கவில்லை, பிதுக்கவும் கூடாது. ஹெச்ஐவி தொற்றாமல் தடுக்கும் 28 நாள் மருந்தின் முதல் டோஸை அவசரப் பிரிவில் 4.30-க்குத் தந்தார்கள், அதையும் சேர்த்து மூன்று நாள் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் போட்டாயிற்று என்று நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

பணியாளர் நலப் பிரிவு திங்கட்கிழமைதான் திறந்தது. அங்கே ரத்தம் எடுத்து, சீட்டு எழுதினார்கள். நான் படித்துப் பார்க்காமல் மடித்து வைத்துக்கொண்டேன். என் முட்டாள்தனம்.

மருந்தகத்தில் சீட்டை இரண்டு முறை பார்த்துவிட்டு மருந்தாளுநர் கேட்டார்: "சிஸ்டர், காயம் திங்கட்கிழமைன்னு போட்டிருக்கு. மாத்திரை சனிக்கிழமையே ஆரம்பிச்சிருக்கீங்களே?" வந்த தேதியையே காயப்பட்ட தேதியாக எழுதியிருக்கிறார்கள். நேரம் இல்லை, "கையில் காயம்" என்பதற்கு மேல் விவரம் இல்லை. மீதி 25 நாள் மாத்திரை தர முடியாது என்றார். என்னிடம் இருந்ததோ அன்றோடு முடிந்திருந்தது, அடுத்த டோஸ் மறுநாள் விடியற்காலை.

திரும்பிப் போனால், "ரெண்டு நாள்தானே சிஸ்டர், என்ன வந்துடப் போகுது?" என்றார் எழுத்தர். வரும். முதல் ரத்தப் பரிசோதனை எதற்கு? குத்துப்படும்போது எனக்குத் தொற்று இல்லை என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. திங்கட்கிழமை எடுத்தாலும் செல்லும், ஏனென்றால் அந்த ஊசியால் தொற்றியிருந்தாலும் இரண்டே நாளில் பரிசோதனையில் தெரியாது. ஆனால் காயமே வேலை நேரத்தில் நடந்ததாகத் தேதி காட்டாவிட்டால், பின்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்? திங்கட்கிழமை எனக்கு விடுப்பு!

அவசரப் பிரிவுப் பதிவேட்டின் நகலைக் கொண்டுவந்து மேசையில் வைத்த பிறகுதான் அசைந்தார்கள். பழையதை அடித்துத் திருத்தச் சம்மதிக்காமல் புதுச் சீட்டே வாங்கினேன்: தேதி, நேரம், உள்ளே துளையுள்ள ஊசி, ரத்தம் இருந்தது, முதல் டோஸ் எத்தனை மணிக்கு. நோயாளியின் பெயர் வேண்டாம், கோப்பு எண் போதும். மாத்திரை மாலை நாலு மணிக்குக் கைக்கு வந்தது.

யாரும் சொல்லாத இன்னொன்று: அந்த மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற ஹெச்ஐவி மருந்து இருந்தது. நான் வழக்கமாகச் சாப்பிடும் இரும்புச்சத்து மாத்திரையோடு வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால் அது உடம்பில் சரியாகச் சேராது. இரும்பு மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்னால் அல்லது ஆறு மணி நேரம் கழித்துப் போட வேண்டும். உள்ளே இருந்த தாளைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதே ஊசியால் தொற்றக்கூடிய ஹெபடைடிஸ் பி-க்கு முன்பே போட்ட தடுப்பூசி வேலை செய்திருந்தது, அந்தத் தலைவலி இல்லை. குமட்டலோடு 28 நாளும் முடிந்தன. ஆறாவது வாரம் நெகடிவ், மூன்றாவது மாதமும் நெகடிவ். ஆறாவது மாதத்துக்கான சீட்டு பையில் இருக்கிறது. வாங்கின இடத்திலேயே நின்று தேதியைப் பார்த்துவிட்டேன்.