அப்பா அனுப்பிய பல்ப் போட்டோ

திருநெல்வேலி வீட்டு ஹாலில், ஃபால்ஸ் சீலிங்கில் நாலு ஸ்பாட் லைட் வரிசையாக இருக்கும். வீடு கட்டியபோது, 2009-இல் போட்டது. போன மாதம் அதில் ஒன்று ஃபியூஸ் போனது. அப்பா அதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய், முகத்தைப் பார்த்து அதே மாதிரி ஒன்று வாங்கி வந்துவிட்டார். வீட்டில் மாட்டப் பார்த்தால் ஏறவில்லை. சென்னையில் இருக்கும் எனக்கு ஒரு போட்டோ வந்தது, கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு, மாட்ட மட்டும் முடியல. என்னன்னு பாரு."

போட்டோவில் இருந்தது பல்பின் முகம் மட்டும். கிண்ணம் போன்ற கண்ணாடி, நடுவே சின்னக் குப்பி. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இந்த வடிவத்துக்கு எம்ஆர் 16 என்று பெயர். 16 என்பது அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கைக் கணக்காக வைத்து, முகத்தின் விட்டம் 16 பங்கு, அதாவது 2 அங்குலம், ஏறக்குறைய 50 மி.மீ. அது முகத்தின் அளவுதானே தவிர, பின்னால் என்ன கால் இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஒரே முகத்தில் இரண்டு வகைக் கால்கள் சாதாரணமாகக் கிடைக்கும். தடித்த இரண்டு கால்கள், நுனி காளான் குடை மாதிரி அகன்று, உள்ளே தள்ளித் திருப்பினால் பூட்டிக்கொள்வது ஜியு 10. மெல்லிசாக இரண்டு கம்பி நீட்டிக்கொண்டு, நேராகச் செருகுவது ஜியு 5.3. அந்த எண்கள் இரண்டு கால்களுக்கும் நடுவே உள்ள தூரம், மி.மீ. கணக்கில். நம் ஊர் குண்டு பல்புகளில் பி22, ஈ27 என்று வருவது மூடியின் குறுக்களவு. இதில் அப்படியில்லை.

"பழைய பல்போட பின்பக்கத்தை எடுத்து அனுப்புங்க, பக்கத்துல ஒரு பத்து ரூபாய்க் காசு வைங்க" என்றேன். பத்து ரூபாய் நாணயம் சரியாக 27 மி.மீ. இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும் வருஷத்துக்கு வருஷம் அளவு மாறியிருக்கின்றன, அவற்றை நம்ப முடியாது.

போட்டோ வந்தது. பல்ப் மேஜையில் கவிழ்ந்து, கால்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் மேஜையோடு ஒட்டிக் காசு. கம்பிக் கால்கள்தான், அகன்ற நுனி இல்லை. ஆக அப்பா வாங்கி வந்தது ஜியு 10 என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் அளந்து பார்க்கலாம் என்று கம்ப்யூட்டரில் திறந்தேன். காசின் விட்டம் 540 பிக்சல், 27-ஆல் வகுத்தால் மி.மீ.-க்கு 20 பிக்சல். கால்களுக்கு இடையே 130 பிக்சல். அதாவது 6.5 மி.மீ.

இங்கேதான் தடுமாறினேன். 6.35 மி.மீ. என்றும் ஒரு வகைக் கால் உண்மையிலேயே உண்டு, சின்ன ஹாலோஜன் குப்பிகளில் வரும். கிண்ணம் இல்லாத வெறும் குப்பிகள் அவை. கிண்ண பல்பில் அந்தக் கால் எப்படி வரும் என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. காசு மேஜை மட்டத்தில் கிடக்கிறது, கால்களோ அதைவிட 4, 5 செ.மீ. உயரத்தில், கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் போனைப் பிடித்து எடுத்தால், அந்த உயரத்தில் இருப்பது ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகவே தெரியும்.

மறுபடி எடுக்கச் சொன்னேன். நாலு தீப்பெட்டியை அடுக்கி, அதன் மேல் காசு, அதுவும் கால்களின் நுனியும் ஒரே உயரம். போனை இரண்டு முழம் தள்ளிப் பிடித்து, ஜூம் செய்து எடுக்க வேண்டும். "ஒரு பல்புக்கு இத்தனை அலப்பறையா" என்று அம்மா பின்னால் முணுமுணுத்தது வாய்ஸ் மெசேஜில் கேட்டது. இந்த முறை காசு 486 பிக்சல், மி.மீ.-க்கு 18. கால்களுக்கு இடையே 96. வகுத்தால் 5.3. ஒரு காலின் இடது ஓரத்திலிருந்து அடுத்த காலின் இடது ஓரம் வரை அளந்தால், நடுவைத் தேட வேண்டியதில்லை, தூரம் அதேதான்.

கால் தெரிந்துவிட்டது, வோல்ட் தெரியவில்லை. ஜியு 5.3 என்றால் பெரும்பாலும் 12 வோல்ட்தான். ஆனால் அதே கம்பிக் காலோடு 230 வோல்ட் பல்புகளும் கடைகளில் விற்கின்றன. 12 வோல்ட் பல்பை 230-இல் செருகினால் வெடித்துவிடும், அதனால் காலை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. பல்பின் பீங்கான் கழுத்தில் அச்சடித்திருந்தது சூட்டில் மங்கியிருந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடுத்த போட்டோவில் 12V 50W என்பது பாதி தெரிந்தது. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, எலெக்ட்ரீஷியனை வைத்து ஃபிட்டிங்கை இறக்கிப் பார்த்ததில், மேலே ஒரு சின்னப் பெட்டி: டிரான்ஸ்ஃபார்மர். அதன் மேல் 230V, 12V, 20–60VA. சந்தேகம் தீர்ந்தது.

அந்தக் கடைசி எண்ணை நான் பொருட்படுத்தாமல் விட்டதுதான் அடுத்த தப்பு. 50 வாட் ஹாலோஜன் எதற்கு என்று 12 வோல்ட் 5 வாட் எல்இடி ஒன்று வாங்கி அனுப்பினேன். கால் கச்சிதமாக ஏறியது, விளக்கு மட்டும் டிஸ்கோ மாதிரி மினுக்கியது. 20 என்பது அந்தப் பெட்டி ஒழுங்காக ஓடத் தேவையான குறைந்தபட்சச் சுமை. 5 வாட்டுக்கு அது விட்டு விட்டுத்தான் இயங்கும். பல்பில் பழுதில்லை.

எல்இடிக்கென்று வரும் 12 வோல்ட் டிரைவரை வாங்கி அந்தப் பெட்டிக்குப் பதில் போடலாம். இன்னொரு வழி, டிரான்ஸ்ஃபார்மரையே எடுத்துவிட்டு, 230 வோல்ட் நேராகப் போகும் ஜியு 10 ஹோல்டர் போடுவது. திருப்பிக் கொடுக்க முடியாத ஜியு 10 பல்ப் ஏற்கெனவே வீட்டில் இருந்தது, அதனால் அப்பா இரண்டாவதையே பிடித்துக்கொண்டார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது, மேலே சூடாகிப் பழுதாக ஒரு பொருள் குறையும். ஆனால் வந்த எலெக்ட்ரீஷியன், சீலிங்கில் பல்பைப் பிடித்திருக்கும் ஃபிட்டிங்கின் வளையத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இரும்பு, எர்த் வேணும்" என்றார். 12 வோல்ட் போனவரை எர்த் ஒயரே இழுக்காமல் விட்டிருந்தார்கள். 230 வோல்ட் வந்தபின், உள்ளே ஒரு ஒயர் உரசினாலும் வளையத்தைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும். போட்டோவில் இது தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது.

ஃபேன் பாயிண்டிலிருந்து பச்சை ஒயரை இழுத்து நாலு வளையத்துக்கும் கொடுக்க அரை நாள் ஆனது. அப்பா தப்பாக வாங்கிய பல்ப் இப்போது டிவிக்கு மேலே எரிகிறது, இன்னும் மூன்று அதே மாதிரி வாங்கி மாட்டியாயிற்று.