பந்து வராத இடத்தில் நிற்கும் பிள்ளைகள்

ஆறாம் வகுப்பில் விளையாட்டுப் பீரியட் என்றால் மணி அடிக்கும் முன்பே வாசலில் நிற்கும் பெண்பிள்ளைகள், ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் பாதிப்பேர் மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். "வயிறு வலிக்குது மிஸ்", "வெயில்ல நின்னா அம்மா திட்டுவாங்க மிஸ்" என்று ஆளுக்கொரு காரணம். ஆசிரியர் அறையில் இதற்கு ஒரே விளக்கம்தான்: வயசுக்கு வந்ததும் கூச்சம் வந்துவிடுகிறது. கூச்சம் உண்மைதான். ஆனால் அதே பிள்ளை அவள் தெருவில் தோழிகளோடு வளையப்பந்து ஆடுகிறாள். அப்படியென்றால் நம் பீரியட்டில் அந்தக் கூச்சத்தைக் கிளறிவிடுவது எது என்று பார்க்க வேண்டியது உடற்கல்வி ஆசிரியரின் வேலை.

வழக்கமான ஒரு எறிபந்துப் பீரியடை எடுத்துக்கொள்வோம். 32 பிள்ளைகள், ஒரு வலை, ஒரு பந்து, 45 நிமிடம். வரிசையில் நிறுத்தி வருகை பார்த்து, மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓடவிட்டு, கையைக் காலை விரித்துக் குதிக்கச் சொல்லி முடிப்பதற்குள் 15 நிமிடம் போய்விடும். பிறகு நன்றாக ஆடும் இரண்டு பேர் கேப்டனாகி ஆள் பிரிப்பார்கள். அணிக்கு 7 பேர் என்று 14 பேர் உள்ளே போக, மீதி 18 பேர் வெளியே. உள்ளே போனவர்களிலும் பந்து மூன்று நான்கு கைகளுக்குள்தான் சுற்றும். பின்மூலையில் நிற்பவளை நோக்கிப் பந்து வந்தால்கூட, பக்கத்தில் இருப்பவள் குறுக்கே பாய்ந்து பிடித்துவிடுவாள்.

இதைச் சந்தேகப்படுகிறவர்கள் ஒரு சின்னக் கணக்கு எடுத்துப் பார்க்கலாம். நன்றாக ஆடுபவள் ஒருத்தி, சுமாராக ஆடுபவள் ஒருத்தி, ஓரமாக நிற்பவள் ஒருத்தி என மூன்று பேரை மனதுக்குள் தேர்ந்தெடுத்து, பத்து நிமிடத்தில் ஒவ்வொருத்தியும் பந்தை எத்தனை முறை தொடுகிறாள் என்று நோட்டில் கோடு போட வேண்டும். மூன்றாமவளின் பெயருக்கு நேரே ஒன்றோ இரண்டோ கோடுதான் இருக்கும். அந்த ஒன்றிரண்டும் அவள் தவறவிட்டு, எல்லோரும் "ஏய்!" என்று கத்திய பந்துகளாக இருக்கும். அடுத்த வாரம் அவளுக்கு வயிறு வலிப்பதில் வியப்பில்லை.

இங்கே பெண்பிள்ளைகளுக்கென்று கூடுதலாகச் சேரும் சங்கடங்கள் உண்டு. கையை விரித்துக் குதிக்கும் பயிற்சியை 13, 14 வயதுப் பிள்ளைகள் வெறுப்பதற்கு முக்கியக் காரணம் மார்பு அசைவது. சரியான உள்ளாடை இல்லாதவர்கள் பலர், வெறும் சிம்மீஸோடு வருபவர்களும் உண்டு. ஓடும்போது கைகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டோ, துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டோ ஓடும் பிள்ளையைப் பார்த்தால் இதுதான் சங்கதி. அதே நேரத்தில் பையன்களுக்கும் பீரியட் இருந்து, அவர்கள் ஓரத்தில் நின்றால் கேட்கவே வேண்டாம். தாமதமாக வந்தவளைத் தனியாக ஒரு ரவுண்டு ஓடச் சொல்வது எல்லோரும் பார்க்க அவளை மேடையேற்றுவதுதான். குதிக்கும் பயிற்சி, தனி ஓட்டம் இந்த இரண்டையும் நிறுத்திவிட எந்தச் செலவும் இல்லை.

இனி அதே 32 பேர், அதே 45 நிமிடத்தை மாற்றிப் போடலாம். வலைக்குப் பதிலாக 30 மீட்டர் நைலான் கயிறு ஒன்று போதும். இரண்டு முனைகளையும் கம்பத்திலோ மரத்திலோ 1.8 மீட்டர் உயரத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். நடுவில் கயிறு தொங்கிவிடும் என்பதால் இரண்டு இடத்தில் மூங்கில் முட்டுக் கொடுக்க வேண்டும். கயிற்றின் நீளத்தில் 6 மீட்டர் அகலத்துக்கு ஒரு களமாக, இடையே ஒரு மீட்டர் விட்டு, நான்கு சிறு களங்கள் கிடைக்கும். கயிற்றுக்கு இரண்டு பக்கமும் 5 மீட்டர் ஆழம் வைத்துச் சுண்ணாம்புக் கோடு. ஒவ்வொரு களத்திலும் நாலுக்கு நாலு. 32 பேரும் உள்ளே இருப்பார்கள். வேடிக்கை பார்க்க ஆளே இருக்காது. பந்து நான்கு வேண்டும். எறிபந்து ஒன்றுதான் இருக்கிறதென்றால் பழைய வாலிபாலில் காற்றைச் சற்றுக் குறைத்தோ, கடையில் விற்கும் பெரிய ரப்பர் பந்தையோ கொடுக்கலாம். விரல் நுனியில் பந்து பட்டு வலித்த அனுபவம்தான் பலரைப் பின்னால் தள்ளுகிறது. மென்மையான பந்து அந்தப் பயத்தைக் குறைக்கும்.

வருகைக்கு வரிசை வேண்டாம். மைதானத்துக்குள் நுழைந்ததும் தோழியோடு ஜோடியாக ஒரு பந்தை எடுத்து, நடந்துகொண்டே எறிந்து பிடிக்கட்டும், பந்து போதாத ஜோடிகள் பக்கத்து ஜோடியோடு சேர்ந்துகொள்ளட்டும். அதற்குள் வருகை எடுத்துவிடலாம். உடம்பும் சூடாகிவிடும். இதற்கு 10 நிமிடம். பிறகு ஜோடியைப் பிரிக்காமல், எந்த ஜோடியோடு எந்த ஜோடி சேர்வது என்பதை மட்டும் சீட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். கேப்டன் ஆள் பிரிப்பது என்ற சடங்கே இல்லை. ஆறு நிமிட ஆட்டம், ஒரு நிமிட இடமாற்றம் என்று நான்கு சுற்றுக்கு 28 நிமிடம். ஜெயித்த அணி ஒரு களம் இந்தப் பக்கம், தோற்ற அணி ஒரு களம் அந்தப் பக்கம் நகர்ந்தால், இரண்டாம் சுற்றிலிருந்து ஏறக்குறைய சமமான அணிகள் மோதிக்கொள்ளும். விதி இரண்டுதான் கூடுதல்: முதல் இரண்டு வாரம் பந்து ஒரு முறை தரையில் பட்டு எழும்பினாலும் பிடிக்கலாம், ஒரே பிள்ளை தொடர்ந்து இரண்டு முறை கயிற்றுக்கு மேலே எறியக் கூடாது.

இதிலும் கோளாறு வரும். மூன்று நான்கு வாரத்தில் ஒரு கோடிக் களம் கெட்டிக்காரிகளுடையதாகவும், மறு கோடி "மக்குக் களம்" ஆகவும் மாறிவிடும். பிள்ளைகளே அப்படிப் பெயர் வைத்துவிடுவார்கள். அதனால் களங்களுக்கு எண் தராமல் "தொட்டிப் பக்கம்", "வேம்புப் பக்கம்" என்று சொல்வதும், ஜெயித்தவர் நகரும் திசையை வாரா வாரம் மாற்றுவதும் அவசியம்.

மாதவிடாய் நாளில் என்ன செய்வது என்று ஆண் ஆசிரியர்கள் தயங்குவதைப் பார்க்கிறோம். பிள்ளை காரணம் சொல்லத் தேவையில்லாத ஏற்பாடே நல்லது. யாரும் எந்த நாளிலும், கேட்காமலேயே, புள்ளி எழுதும் வேலையையோ நேரம் பார்க்கும் வேலையையோ எடுத்துக்கொள்ளலாம், ஒரு சுற்று முடிந்ததும் விரும்பினால் ஆட்டத்துக்குத் திரும்பலாம். லேசான வலி இருக்கும் பலருக்கு நடமாட்டம் இதமாகவே இருக்கும். மாதாமாதம் பள்ளிக்கே வர முடியாத அளவு வலி என்றால், அம்மாவிடம் சொல்லி டாக்டரைப் பார்க்க வைக்க வேண்டும். நாப்கினை ஒரு பெண் ஆசிரியரின் மேசையில் வைத்துக் கேட்டு வாங்கச் சொல்வதைவிடக் கழிப்பறையிலேயே ஒரு டப்பாவில் வைத்தால்தான் பயன்படும். கழிப்பறை சுத்தமாக இல்லாத பள்ளியில் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளையை வெயிலில் ஓடவிட்டால் தலைசுற்றும்.

இரண்டு நிமிடம் ஓடியதும் மூச்சிரைத்து, உதடு வெளுத்து உட்காருகிறவளைச் சோம்பேறி என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம். நம் நாட்டில் இந்த வயதுப் பெண்களில் பலருக்கு ரத்தசோகை. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அவள் பெயரைத் தனியாகக் கொடுத்து ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்ல வேண்டும். 12 கிராமுக்குக் கீழே இருந்தால், அவளுக்கு முதலில் தேவை சிகிச்சை. பள்ளியில் தரும் இரும்புச் சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டல் வந்ததால் ரகசியமாகத் தூக்கிப்போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மதிய உணவுக்குப் பிறகு கொடுத்தால் அது குறையும்.

களத்தை மாற்றியும் தீராத ஒன்று, மாலைப் பயிற்சி. மண்டலப் போட்டிக்குத் தேர்வான பிள்ளையை வீட்டில் அனுப்ப மறுப்பது பெரும்பாலும் விளையாட்டு பிடிக்காமல் இல்லை, ஆறு மணிக்கு மேல் பஸ்ஸில் தனியாக வருவாளே என்ற பயத்தால். பயிற்சியைப் பள்ளி தொடங்கும் முன் 45 நிமிடத்துக்கு மாற்றினால் பாதிச் சிக்கல் தீரும். மாற்ற முடியாத இடத்தில், எத்தனை மணிக்கு விடுவோம், எந்தப் பஸ்ஸில் யாரோடு வருவாள் என்று எழுதி அம்மாவிடமே கையெழுத்து வாங்க வேண்டும். அதன்பின் அந்த நேரத்தை ஐந்து நிமிடம்கூடத் தாண்டக் கூடாது. ஒருநாள் தாண்டினாலும் மறுநாள் அவள் வரமாட்டாள்.