டர்பனில் மருத்துவமனைக்கு ஈஆர்பி தேர்வு: மதிப்பெண் போட்ட விதம்

டர்பனில் ஒரு தனியார் மருத்துவமனைக் குழுமத்தின் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். கொள்முதல், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே அமைப்பில் நடத்தும் ஈஆர்பி மென்பொருள் வாங்க, நிறுவனங்களிடம் விவரமும் விலையும் கேட்கும் ஆர்எஃப்பி ஆவணத்தை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. மாதிரி ஆவணங்களில் 'இது இருக்கிறதா?' என்று நீளமான பட்டியல் இருக்கும். அப்படிக் கேட்டால் எல்லா நிறுவனமும் 'ஆம்' என்றுதான் எழுதும். அதனால் பதிலை நான்கு வகையாகப் பிரித்தோம். மென்பொருளிலேயே இருப்பதற்கு 3, அமைப்பை மாற்றினால் கிடைப்பதற்கு 2, வேறு நிறுவனத்தின் மென்பொருளை இணைத்தால் 1, புதிதாக நிரல் எழுத வேண்டுமென்றால் 0.

எழுத்தில் சொல்வதைச் செய்துகாட்டச் சொல்ல வேண்டுமே. ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டரிடம் எந்த வேலை அதிகம் படுத்துகிறது என்று கேட்டேன். "இம்பிளாண்ட்தான் தம்பி. பெட்டி நம்ம அலமாரியில இருக்கும், சரக்கு அவங்களுது" என்றார். அதையே செயல்விளக்கக் காட்சியாக எழுதினோம். இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சைக்கு சப்ளையர் பல அளவுகளில் இம்பிளாண்ட் அனுப்புகிறார். பயன்படுத்தும்வரை அவை அவருக்கே சொந்தம். நோயாளிக்குப் பொருத்தியதன் லாட் எண்ணைப் பதிய வேண்டும். தென்னாப்பிரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவப் பொருள்களுக்கும் பயன்படும் நாப்பி குறியீட்டோடு அது நோயாளியின் பில்லில் ஏற வேண்டும், அதற்குப் பிறகுதான் கொள்முதல் ஆணை பிறக்க வேண்டும். மீதி அளவுகள் திரும்பிப் போக வேண்டும். சப்ளையரின் பில் வந்தால் எல்லாம் பொருந்த வேண்டும். இதை எங்கள் தரவை வைத்தே, பவர்பாயிண்ட் இல்லாமல் காட்டச் சொன்னோம்.

அடுத்தது விலை. மொத்தம் 100-இல் விலைக்கு மட்டும் நிதிப் பிரிவு 40 மதிப்பெண் கேட்டது. சரி, வெளியிடும் முன்னால் இரண்டு கற்பனை நிறுவனங்களை எக்செல்லில் போட்டுப் பார்ப்போம் என்றேன். ஐந்தாண்டு மொத்தச் செலவு ஒன்றுக்கு 2.4 கோடி ராண்ட், மற்றதுக்கு 3 கோடி. குறைந்த விலையை அவரவர் விலையால் வகுத்து 40-ஆல் பெருக்கினால் 40-ம் 32-ம் வருகிறது. எழுத்துப் பதிலில் 35-க்கு 32, 29. செயல்விளக்கத்தில் 25-க்கு 10, 20. கூட்டினால் 82-க்கு 81. இம்பிளாண்ட் காட்சியில் பாதிகூடத் தேறாத நிறுவனம் ஜெயித்துவிட்டது!

விலையை 30 ஆகக் குறைத்து, செயல்விளக்கத்தை 35 ஆக உயர்த்தினால் அதே நிறுவனங்கள் 76, 81 என்று மாறின. நிதி இயக்குநர் அந்தத் தாளைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார். செயல்விளக்கத்தில் 60 சதவீதம் எடுக்காதவரின் விலை உறையைத் திறப்பதில்லை என்றும் சேர்த்தோம். எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற இந்த எடைகளை ஆர்எஃப்பியிலேயே அச்சிட்டோம். விலைகள் வந்த பிறகு எடையை மாற்றினால் அது வேண்டியவருக்குச் சாதகமாகத்தான் போகும்.

உண்மையான செயல்விளக்கத்தில் பலர் தடுமாறியது கொள்முதல் ஆணையில்தான். ஆணை இல்லாமல் சரக்கைப் பதிய முடியாத அமைப்பு, பயன்படுத்திய பின் ஆணை போட வழி தெரியாமல் நின்றது. தேர்வான நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தில் அந்த இம்பிளாண்ட் காட்சியையே ஏற்புச் சோதனையாக இணைத்தோம். அது தேறினால்தான் அந்தக் கட்டத்துக்கான பணம் போகும்.