ஈரலும் கொழுப்பும்: ஒரு பாரிஸ் சமையலறையிலிருந்து

பாரிஸில் ஓர் உணவகத்தின் சமையலறையில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பலரையும் போல நானும் பாத்திரம் கழுவும் இடத்தில்தான் தொடங்கினேன். பிறகு காய்கறி வெட்டவும், அதன்பின் குளிர்ந்த முன்னுணவுகள் தயாராகும் மேசைக்கும் அனுப்பப்பட்டேன். அந்த மேசையில் இரண்டு ஈரல் பண்டங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. ஒன்று பன்றி ஈரலில் செய்யும் பாத்தே, மற்றொன்று வாத்து ஈரலில் செய்யும் ஃபுவா கிரா. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் இரண்டையும் பார்த்து "ஈரல் களி" என்று ஒரே பெயரால் அழைத்துவிடுகிறார்கள். இரண்டும் ஈரலும் கொழுப்பும் சேர்ந்தவைதாம். ஆனால் ஒன்றில் கொழுப்பைச் சேர்ப்பவன் சமையற்காரன். மற்றொன்றில் அது பறவையின் உயிருள்ள உடலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டு வருகிறது. இந்த வேறுபாட்டைக் கைகளால் உணர்ந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

பன்றி ஈரல் பாத்தேயை முதலில் சொல்கிறேன். ஈரல் 1 கிலோ என்றால், பன்றியின் கழுத்துப் பகுதியிலிருந்து எடுத்த கொழுப்பிறைச்சியும் ஏறத்தாழ அதே அளவு எடுத்துக்கொள்கிறோம். ஈரலின் நரம்புகளை நீக்கி, கிலோவுக்கு 16 முதல் 18 கிராம் உப்புச் சேர்த்து, பச்சையாகவே மென்மையாக அரைக்கிறோம். அந்த உப்பில் சிறிதளவு நைட்ரைட் கலந்திருப்பதால்தான் வெந்த பிறகும் பாத்தே சாம்பல் நிறமாகாமல் இளஞ்சிவப்பாக இருக்கிறது. கொழுப்பை மட்டும் தனியாகக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழான நீரில் வேகவைத்து, சூடு தணியவிட்டு, அரைக்கும் இயந்திரத்தில் ஈரலோடு சிறிது சிறிதாகச் சேர்க்கிறோம். பச்சை ஈரலில் உள்ள புரதம் கொழுப்புத் துளிகளைச் சுற்றிக்கொண்டு அவற்றைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. வெங்காயம், முட்டை, மிளகு, சிறிது பிராந்தி ஆகியவை சேர்ந்த பிறகு, களிமண் அச்சில் ஊற்றி, வெந்நீர்த் தட்டில் வைத்து, நடுப்பகுதி 72 பாகை வரும்வரை அடுப்பில் வேகவிடுகிறோம்.

இதில் தவறு நேர்வது பெரும்பாலும் சூட்டினால்தான். ஆரம்ப காலத்தில் ஒரு நாள் அவசரத்தில் கொழுப்பைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டேன். கலவை பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அடுப்பிலிருந்து எடுத்தபோது மேலே இரண்டு விரல் ஆழத்துக்குத் தெளிந்த கொழுப்பு மிதந்தது, கீழே மணல் போல நறநறத்த ஈரல் அடங்கியிருந்தது. கொழுப்பைப் பிடிக்க வேண்டிய புரதம் அதற்கு முன்பே சூட்டில் உறைந்துபோய்விட்டது என்பதே காரணம். இப்போது கொழுப்பு 50 பாகைக்கு இறங்காமல் நான் இயந்திரத்தைத் தொடுவதில்லை.

ஃபுவா கிரா என்றால் பிரெஞ்சு மொழியில் கொழுத்த ஈரல் என்றே பொருள். பிரான்ஸின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தரும் விளக்கத்தில் ஒளிவுமறைவு இல்லை: வலிந்து ஊட்டி அதற்கென்றே கொழுக்கவைக்கப்பட்ட வாத்தின் அல்லது கூஸ் எனப்படும் பெரிய வாத்தின் ஈரலே ஃபுவா கிரா. அதே சட்டம் அதைப் பாதுகாக்கப்பட்ட பண்பாட்டு மரபு என்றும் அறிவிக்கிறது. இன்று பிரான்ஸில் உற்பத்தியாவதில் மிகப் பெரும்பகுதி, எங்கள் ஊர்ப் பேச்சில் தாரா என்று சொல்லும் வாத்தின் ஈரல்தான். கூஸ் ஈரல் அரிதாகிவிட்டது.

எங்களுக்கு ஈரல் தருபவரின் பண்ணையை, தென்மேற்கு பிரான்ஸின் லாந்து பகுதியில், ஒருமுறை பார்க்கக் கிடைத்தது. அங்கு வளர்வது முலார் என்னும் கலப்பினம். மஸ்கோவி ஆண் வாத்துக்கும் பெக்கின் பெண் வாத்துக்கும் பிறக்கும் இந்தக் கலப்பினத்துக்கு இனப்பெருக்கம் கிடையாது. ஊட்டுவதற்கு ஆண் வாத்துகளையே தேர்ந்தெடுக்கிறார்கள், பெண்ணின் ஈரல் சிறியதாகவும் நரம்பு மிகுந்ததாகவும் இருக்கும். குஞ்சு பொரித்த உடனே ஆண், பெண் பிரிக்கப்படுகின்றன, பெண் குஞ்சுகளில் பல அன்றே கொல்லப்படுகின்றன. இதை நான் அங்கு போகும்வரை அறிந்திருக்கவில்லை. அறிந்த பிறகு ஈரலின் விலைச்சீட்டை முன்போல் பார்க்க முடியவில்லை.

ஏறத்தாழ 12 வாரங்கள் வாத்துகள் புல்வெளியிலும் கொட்டகையிலும் சாதாரணமாக வளர்கின்றன. கடைசி 10 முதல் 12 நாட்கள்தாம் ஊட்டும் காலம். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒருவர் வாத்தின் கழுத்தை நிமிர்த்திப் பிடித்து, ஒரு குழாயை வாய்வழியாக உணவுக்குழாயின் உள்ளே செலுத்துகிறார். காற்றழுத்தத்தில் இயங்கும் இயந்திரம் நீரில் கரைத்த மக்காச்சோள மாவைச் சில நொடிகளில் உள்ளே தள்ளிவிடுகிறது. நாளுக்கு நாள் அளவு கூடுகிறது. மக்காச்சோளத்தின் மாவுச்சத்தை ஈரல் கொழுப்பாக மாற்றுகிறது. அந்தக் கொழுப்பை இரத்தத்தில் அனுப்பிவைக்கும் வேகம் அதை உருவாக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்காததால், அது ஈரலின் உயிரணுக்களிலேயே தங்கிவிடுகிறது. 70, 80 கிராம் இருந்த ஈரல், இரண்டு வாரம் முடியுமுன் 500 கிராமைத் தாண்டுகிறது, அதில் பாதியளவு கொழுப்பு.

நீண்ட பயணத்துக்கு முன் நீர்ப்பறவைகள் தாமாகவே கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன, நாங்கள் அந்த இயல்பைத்தான் பயன்படுத்துகிறோம் என்று பண்ணைக்காரர்கள் சொல்வதுண்டு. அந்த இயல்பு உண்மைதான். ஆனால் முலாரின் தந்தையினமான மஸ்கோவி வலசை போகும் பறவையன்று, எந்த வாத்தும் தானாக இந்த அளவுக்கு உண்பதில்லை. நான் பார்த்த கொட்டகையில் முதல் நாட்களில் இருந்தவை சுறுசுறுப்பாக நடந்தன. கடைசி நாட்களில் இருந்தவை வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி உட்கார்ந்திருந்தன, ஊட்டுபவர் வந்தபோது பின்னால் நகர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு 1998இலேயே இந்த முறை பறவைகளின் நலனுக்குக் கேடானது என்று முடிவு கூறியது. பல நாடுகளில் ஊட்டுதல் தடைசெய்யப்பட்டுள்ளது, இந்தியா 2014இல் இறக்குமதியையே தடுத்தது. என்னைக் கேட்டால், அந்தக் கொட்டகையைப் பார்த்த பிறகு அதை நியாயப்படுத்த எனக்கு வார்த்தை இல்லை. வேலையாகச் செய்கிறேன், உண்பதை நிறுத்திவிட்டேன்.

சமையலறைக்கு வரும் ஈரல் இரண்டு மடல்களாக, வெண்ணெயின் மஞ்சளும் தந்தத்தின் வெண்மையும் கலந்த நிறத்தில் இருக்கும். எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் மானிப்பாயைச் சேர்ந்த ஒரு மூத்த சமையற்காரர். "தம்பி, கண்ணால பார்த்து வாங்காதை, பெருவிரலை வைச்சுப் பார்" என்பார். விரலால் அழுத்தினால் பள்ளம் மெல்லப் பதிந்து அப்படியே நிற்க வேண்டும். உடனே மேலெழும்பினால் கொழுப்புப் போதவில்லை. விரல் எண்ணெய்ப் பசையோடு வழுக்கினால் கொழுப்பு அளவுக்கு மிஞ்சிவிட்டது, அது அடுப்பில் உருகிப் போய்விடும். பச்சைக் கறை தெரிந்தால் பித்தப்பையின் நீர் பட்டிருக்கிறது, அந்தப் பகுதியை முழுவதும் வெட்டி எறிய வேண்டும்.

நரம்பெடுப்பதுதான் நிதானம் கேட்கும் வேலை. ஈரலை ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் களிமண்போல இணங்கும். குளிராக இருந்தால் உடையும், அதிகம் வெதும்பினால் கையிலேயே உருகும். மடல்களைப் பிரித்து, கரண்டியின் பின்புறத்தால் மெதுவாகத் திறந்துகொண்டே போனால் வெள்ளை நரம்பு ஒன்று மரக்கிளைபோல் விரிந்து தெரியும். அதன் அடியை இரண்டு விரலால் பிடித்து, கிளைகள் அறாமல் இழுத்தெடுக்க வேண்டும். அதற்குக் கீழே இன்னொரு வரிசை இருக்கும். நரம்பில் தங்கும் இரத்தம் வெந்தபின் பழுப்புப் புள்ளியாகத் தெரியும், ஆகவே ஒன்றையும் விட முடியாது. பிறகு கிலோவுக்கு 13 கிராம் உப்பும் 2 கிராம் மிளகும் சிறிது அர்மன்யாக் மதுவும் சேர்த்து ஓர் இரவு குளிரில் வைத்து, மறுநாள் அச்சில் அழுத்தி நிரப்பி, மெல்லிய சூட்டில் வெந்நீர்த் தட்டில் வேகவிடுகிறோம். பாத்தேயைப் போல 72 பாகைக்குக் கொண்டுபோனால் கொழுப்பு முழுவதும் வெளியேறிவிடும் என்பதால் நடுப்பகுதி 55 பாகையை ஒட்டியதும் எடுத்துவிடுகிறோம். இப்படி அரைவேக்காட்டில் நிற்பதால் அதைக் குளிரிலேயே வைத்திருந்து சில நாட்களில் முடித்துவிட வேண்டும்.

ஒரு நத்தார் வாரத்தில் ஈரலுக்குத் தட்டுப்பாடு. வழக்கமாக வரும் 520 கிராம் அளவிலான ஈரல்கள் இரண்டே கிடைத்தன, மீதிக்கு 780 கிராம் அளவில் இரண்டு பெரிய ஈரல்களை வாங்கினோம். பெரியவை பார்வைக்கு அழகாக இருந்ததால் புதிதாக வந்த பையன் மகிழ்ந்தான். எனக்கோ விரல் வைத்தபோதே ஐயம் வந்தது, ஆனாலும் வேறு வழியில்லை என்று எடுத்துக்கொண்டேன். சிறியவை ஓர் அச்சிலும் பெரியவை ஓர் அச்சிலும் நிரப்பினோம். உப்பு விகிதம், அடுப்பு, எடுத்த சூடு எல்லாம் ஒன்றே. கனம் வைத்து அழுத்தி ஆறவிட்டபின் வடிந்த கொழுப்பை எடைபோட்டேன். சிறிய ஈரல்களின் 1 கிலோவில் 110 கிராம் வடிந்திருந்தது. பெரியவற்றின் ஒன்றரைக் கிலோவில் 460 கிராம் போயிருந்தது, எஞ்சிய துண்டு வெட்டும்போது சுருங்கி இடையிடையே ஓட்டையாக இருந்தது.

பாத்தேயில் சூடான கொழுப்பை ஊற்றி நான் வரவழைத்த அதே விளைவை இங்கே மக்காச்சோளமும் அளவு மீறிய ஊட்டலும் வரவழைத்திருந்தன. பிடித்து நிற்கக்கூடிய அளவைத் தாண்டிக் கொழுப்புச் சேர்ந்துவிட்டால், பிடித்துவைத்திருக்கும் ஈரல் திசு அதை விட்டுவிடுகிறது. ஐரோப்பிய விதி வாத்து ஈரலுக்குக் குறைந்தபட்சம் 300 கிராம் கேட்கிறது. பெரிது நல்லது என்ற எண்ணத்துக்கு அந்த விதியில் இடமுண்டு, சமையலறையில் இல்லை.

ஓட்டை விழுந்த அந்தத் துண்டை முழு ஈரலாகப் பரிமாறவில்லை. பிரான்ஸில் பெயர்கள் கண்டிப்பானவை. முழு ஈரல் என்று எழுதினால் அது அரைக்கப்படாத மடல்களால் ஆனதாக இருக்க வேண்டும். ப்ளோக் என்றால் அரைத்து மீண்டும் ஒன்றாக்கியது. வாத்து ஈரல் பாத்தே, மூஸ் என்ற பெயர்களுக்கு ஃபுவா கிரா பாதியளவாவது இருந்தால் போதும். ஆகவே பெரியவற்றை அரைத்து, கோழி ஈரலும் சேர்த்து மூஸாக்கினோம். கடையில் "பாத்தே டு ஃபுவா" என்று மட்டும் எழுதிய மலிவான டப்பாவை ஃபுவா கிரா என்று நம்பி ஊருக்கு வாங்கிப்போகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், முதல் வரியில் பெரும்பாலும் பன்றி ஈரலும் பன்றிக் கொழுப்பும் இருக்கும்.

அந்த வாரத்துக்குப் பின், ஈரல் பெட்டி வந்தவுடன் ஒவ்வொன்றையும் தராசில் வைக்கிறேன். 600 கிராமைத் தாண்டியதை அன்றே வறுத்துப் பரிமாறும் பகுதிக்குக் கொடுத்துவிடுகிறேன். அச்சுக்குப் போவது அதற்குக் கீழானவை மட்டுமே. வடிந்த கொழுப்பை வடிகட்டி, ஆறியபின் அச்சின் மேலே அரை விரல் அளவுக்கு ஊற்றி மூடி, திகதியை எழுதிக் குளிரறையில் வைக்கிறேன்.